சேமிக்காத நம்பர்களுக்கு மொத்தமாக மெசேஜ்: வாட்ஸ்அப் கணக்கு ஏன் முடங்குகிறது? தப்பிப்பது எப்படி?

காலையில் கடையைத் திறந்து, ஆர்டர் ஏதாவது வந்திருக்கிறதா என்று வாட்ஸ்அப்பைத் தட்டினால் சாட் எதையும் காணோம். திரையில் “This account is not allowed to use WhatsApp” என்று ஒரே ஒரு வரி. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் சிறு வியாபாரிகள் பலர் சந்திக்கும் சிக்கல் இது. “நான் என்ன தப்பு பண்ணேன்? ஆஃபர் மெசேஜ்தானே அனுப்பினேன்?” என்பதுதான் முதலில் எழும் கேள்வி.

மெசேஜில் தப்பான விஷயம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். யாருக்கு அனுப்பினோம், எந்த வழியில் அனுப்பினோம், வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றும்தான் இங்கே கணக்கு. பெரும்பாலான குழப்பம் பிராட்காஸ்ட் வசதியைத் தவறாகப் புரிந்துகொள்வதில் தொடங்குகிறது.

யார் நம்பரை யார் சேமிக்க வேண்டும்?

வாட்ஸ்அப்பில் “New broadcast” என்ற வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருமுறை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெசேஜாகப் போகும். குரூப் போல மற்றவர்கள் பெயரோ நம்பரோ யாருக்கும் தெரியாது. வியாபாரிகளுக்கு இதனால்தான் இது பிடிக்கிறது.

ஆனால் இதில் ஒரு கதவு இருக்கிறது. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் மெசேஜ் போய்ச் சேரும். கடைக்காரர் தன் போனில் ஆயிரம் வாடிக்கையாளர்களைச் சேமித்து வைத்திருந்தாலும் பயனில்லை. அந்த ஆயிரம் பேர் கடைக்காரரைச் சேமித்திருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். “எல்லா நம்பரையும் சேவ் பண்ணிட்டேனே, அப்புறம் ஏன் போகல?” என்று கேட்பவர்கள் அதிகம்.

போனதா இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறது. அனுப்பிய பிராட்காஸ்ட் மெசேஜை அழுத்திப் பிடித்து “Info” பகுதிக்குப் போனால், யார் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்ற பட்டியல் வரும். நாள்கள் கடந்தும் அந்தப் பட்டியலில் வராத பெயர்களில் பெரும்பகுதி, உங்களைச் சேமிக்காதவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதவைக் குறை என்று நினைப்பவர்கள்தான் அதைச் சுற்றிப் போக வேறு வழி தேடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

ஒரு ஜவுளிக்கடையின் கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். சேலம் பக்கம் சேலை விற்கும் சிறு கடை. நாலு வருட பில் புத்தகத்திலிருந்து 2,400 நம்பர்களை எடுத்து, கடைப் பையன் போனில் ஏற்றுகிறான். பத்து பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு அனுப்பியும் 150 பேருக்குத்தான் சேர்கிறது. மற்றவர்கள் கடை நம்பரைச் சேமிக்கவே இல்லை.

இந்த நேரத்தில் யாரோ ஒருவர் கணினியில் போட்டுக்கொள்ளும் ஒரு மென்பொருளைக் காட்டுகிறார். “சேவ் பண்ணாத நம்பருக்கும் போகும் அண்ணே, பிளாக்கே ஆகாது” என்று உறுதி வேறு. வாட்ஸ்அப் வெப்பில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நம்பராகத் திறந்து, ஒரே படத்தையும் ஒரே வாசகத்தையும் தானாக அனுப்பும் கருவி அது. மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் 900 பேருக்கு அனுப்பிவிடுகிறது. அதாவது எட்டு நொடிக்கு ஒன்று. எந்தக் கடைக்காரரும் இரண்டு மணி நேரம் ஓயாமல் இந்த வேகத்தில் கையால் அனுப்ப முடியாது.

இப்போது மறுமுனைக்கு வருவோம். மெசேஜ் வாங்கியவரின் போனில் அது தெரியாத நம்பர். சாட்டைத் திறந்ததுமே, இவரைப் பிளாக் செய்யலாமா, ரிப்போர்ட் செய்யலாமா, சேமித்துக்கொள்ளலாமா என்று வாட்ஸ்அப்பே கேட்கிறது. சேமித்த நம்பரென்றால் ரிப்போர்ட் செய்ய மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். சேமிக்காத நம்பரென்றால் பொத்தான் கண் முன்னாலேயே நிற்கிறது. ஒரே மெசேஜ்தான் என்றாலும், சேமிக்காதவர்களுக்கு அனுப்பும்போது புகார் குவிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. நாலு வருடத்துக்கு முந்தைய பில்லில் இருக்கும் நம்பர் இன்றும் அதே ஆளிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் கைவிடப்பட்ட மொபைல் நம்பரை 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்தப் புதிய ஆள் இந்தக் கடைப் பக்கம் வந்ததே இல்லை. அவரைப் பொறுத்தவரை இது முழுக்க முழுக்க ஸ்பேம்தான்.

நம் கடை அனுப்பிய 900 மெசேஜில் 25 பேர் விலை கேட்டு பதில் போடுகிறார்கள், 40 பேர் ரிப்போர்ட் அல்லது பிளாக் செய்கிறார்கள், மீதிப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பார்ப்பது அந்த 25 பேரை. வாட்ஸ்அப் பார்ப்பது அந்த 40 பேரையும், பதிலே வராத 800 சொச்சம் சாட்டையும். மறுநாள் காலை நம்பர் முடங்கியிருக்கிறது.

படிக்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வாட்ஸ்அப் மெசேஜ்கள் அனுப்புபவர் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தால் படிக்க முடியாது. அப்படியென்றால் ஸ்பேம் என்று எப்படித் தெரிகிறது?

2019 பிப்ரவரியில் வாட்ஸ்அப் வெளியிட்ட ஓர் அறிக்கை இதை விளக்கியது. மூன்று கட்டங்களில் கவனிக்கிறார்கள். முதல் கட்டம் பதிவு செய்யும்போது. சமீபத்தில் முறைகேடு நடந்த நெட்வொர்க்கிலிருந்தோ, அதுபோன்ற நம்பரிலிருந்தோ புதுக் கணக்கு தொடங்கினால் அப்போதே பிடிபடலாம். இரண்டாவது, மெசேஜ் அனுப்பும்போது. கணக்கு தொடங்கி ஐந்து நிமிடத்தில், பதினைந்து நொடிக்குள் நூறு மெசேஜ் அனுப்ப முயல்வதை அந்த அறிக்கையே உதாரணமாகச் சொல்கிறது. “typing” என்ற அடையாளம் தெரியாமலே மெசேஜ்கள் பறந்துகொண்டிருப்பதும் ஒரு தடயம். மூன்றாவது, மற்றவர்கள் ரிப்போர்ட்டோ பிளாக்கோ செய்யும்போது.

ஒருவர் ரிப்போர்ட் செய்தால், அந்த நம்பரிலிருந்து அவருக்கு வந்த கடைசி ஐந்து மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகின்றன. அனுப்பியவருக்கு எந்தத் தகவலும் வராது. ஆகவே “யார் ரிப்போர்ட் பண்ணாங்க?” என்று தேடுவதில் பலனில்லை.

எத்தனை ரிப்போர்ட் வந்தால் முடக்குவார்கள்? இந்த எண்ணை நிறுவனம் வெளியிடுவதில்லை. “பத்து ரிப்போர்ட் வரைக்கும் பரவாயில்லை”, “ஒரு நாளைக்கு 50 நம்பர் சேஃப்” என்று வீடியோக்களில் சொல்லப்படுவது எல்லாம் ஊகம். ரிப்போர்ட்டே வராமலும் முடங்கலாம். அப்போது மாதத்துக்கு சுமார் 20 லட்சம் கணக்குகளை முடக்குவதாகவும், அதில் 75 சதவிகிதத்துக்கு மேல் அண்மைய புகார் எதுவும் இல்லாமலே பிடிபட்டவை என்றும் அதே 2019 அறிக்கை சொன்னது. இந்தியாவில் 2021-ல் புதிய ஐ.டி. விதிகள் வந்தபின் வெளியான முதல் மாத அறிக்கையிலும், மே 15 முதல் ஜூன் 15 வரை சுமார் 20 லட்சம் இந்திய நம்பர்கள் முடக்கப்பட்டதாகவும், 95 சதவிகிதத்துக்கு மேல் காரணம் அனுமதியற்ற தானியங்கி அல்லது மொத்த மெசேஜ்தான் என்றும் இருந்தது.

எனவே, எட்டு நொடி இடைவெளியை இருபது நொடியாக்குவது, வாசகத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சேர்ப்பது போன்ற தந்திரங்கள் ஒரு கட்டத்தை ஏமாற்றினாலும், அடுத்த கட்டத்தில் மாட்டிவிடும். வாங்குகிறவர் எரிச்சலடைந்தால் வேகம் குறைவாக இருந்தும் பயனில்லை.

முடங்கிவிட்டது, இப்போது என்ன?

முதலில் திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் ஓடினால் அது தற்காலிகத் தடை. பெரும்பாலும் ஜிபி வாட்ஸ்அப் போன்ற அங்கீகாரமில்லாத செயலிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு வருவது. அந்தச் செயலியை நீக்கி, அதிகாரபூர்வ வாட்ஸ்அப்புக்கு மாறி, நேரம் முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். மாறாவிட்டால் தடை நிரந்தரமாகலாம்.

நேரம் எதுவும் இல்லாமல் கணக்குக்கு அனுமதியில்லை என்று மட்டும் இருந்தால், அதே திரையில் “Request a review” என்று இருக்கும். அதை அழுத்தினால், எஸ்.எம்.எஸ்-இல் வரும் ஆறு இலக்க எண்ணைப் போடச் சொல்லும். பிறகு விளக்கம் எழுத இடம் வரும். இங்கே பலர் செய்யும் தவறு, “நான் எதுவுமே செய்யவில்லை” என்று ஒரே வரியில் முடிப்பது, அல்லது கோபத்தில் பத்து முறை அனுப்புவது. நடந்ததை நேராகச் சொல்வதே நல்லது. உதாரணத்துக்கு இப்படி:

“சேலை விற்கும் சிறு கடை நடத்துகிறேன். பழைய வாடிக்கையாளர்களின் நம்பர்களுக்கு, அவர்களிடம் கேட்காமல், ஒரு கருவி மூலம் மொத்தமாக மெசேஜ் அனுப்பினேன். அந்தக் கருவியை நீக்கிவிட்டேன். இனி, கேட்டுக்கொண்டவர்களுக்கு மட்டுமே அனுப்புவேன். தற்போதைய ஆர்டர்கள் இந்த நம்பரில்தான் இருக்கின்றன. கணக்கை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதை எழுதுவதற்கு முன் கருவியை நிஜமாகவே நீக்கியிருக்க வேண்டும். கணக்கு திரும்பிய அன்றே மறுபடி ஓடவிட்டால், அடுத்த முறை கேட்பதற்கு வாய்ப்பே இல்லாமல் போகலாம். எழுதியபடி கணக்கு திரும்பிவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி போடுவது எதையும் மாற்றாது. தடை நம்பருக்கு, போனில் இருக்கும் செயலிக்கு அல்ல.

மறுபரிசீலனையிலும் மறுத்துவிட்டால்? 2021 ஐ.டி. விதிகளின்படி, இந்தியாவில் பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் உதவிப் பக்கத்தில் அவரது தொடர்பு விவரம் உண்டு. புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் உறுதிப்படுத்த வேண்டும், 7 நாள்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவர் முடிவிலும் திருப்தி இல்லையென்றால், பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். முகவரி `gac.gov.in`. 2023 மார்ச் முதல் இயங்குகிறது. எல்லாமே இணையத்தில், அலைய வேண்டியதில்லை. தடை செய்யப்பட்ட திரையின் ஸ்கிரீன்ஷாட், ரிவ்யூ கேட்ட தேதி, வந்த பதில் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே எடுத்து வைத்திருப்பவருக்குத்தான் இந்த வழி பலன் தரும்.

புது சிம் வாங்கி அதே பட்டியலை மறுபடி அனுப்புவது மட்டும் வேண்டாம். புதுக் கணக்கு, பழைய பழக்கம் என்ற சேர்க்கையைத்தான் அந்த முதல் கட்டக் கண்காணிப்பு தேடிக்கொண்டிருக்கிறது.

மறுபடி முடங்காமல் இருக்க

தீர்வு முழுவதும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: முதல் மெசேஜ் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும். அவர் எழுதினால், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். அவராகவே விரும்பிக் கேட்டவர் ரிப்போர்ட் செய்வது அரிது.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. வாட்ஸ்அப் தரும் லிங்க் ஒன்றைச் செய்துகொள்ளலாம். நாட்டுக் குறியீடு 91-க்குப் பிறகு பத்து இலக்க நம்பர், அதன்பின் தயார் வாசகம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=OFFER
```

இதைத் தொட்டால், நம்பரைச் சேமிக்காமலே உங்கள் சாட் திறக்கும். OFFER என்ற சொல் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கும். அனுப்புவது அவர் கையில். இதே லிங்க்கை க்யூ.ஆர். கோடாக்கி பில் போடும் இடத்தில் ஒட்டலாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே க்யூ.ஆர். கோடு தருகிறது.

வாடிக்கையாளர் OFFER என்று அனுப்பியதும் முதல் பதிலாக, “மாதம் இரண்டு முறை புதுச் சரக்கு படம் அனுப்புவோம். எங்கள் நம்பரைச் சேவ் பண்ணிக்கிட்டா மட்டும்தான் உங்களுக்கு வரும். வேண்டாம்னா STOP-னு ஒரு வார்த்தை அனுப்புங்க” என்று சொல்லிவிடலாம். பிராட்காஸ்ட்டின் அந்தக் கதவு இப்போது உங்கள் பக்கம் வேலை செய்கிறது. சேமித்தவர் விரும்பியவர். விருப்பம் போய்விட்டால் நம்பரை அழித்தாலே போதும், அடுத்த பிராட்காஸ்ட் அவருக்குப் போகாது.

STOP வந்தால் அன்றே அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதில் அலட்சியம் காட்டும் கடைகள்தான் மறுபடி மாட்டுகின்றன. வேண்டாம் என்று சொல்லியும் மெசேஜ் வந்தால், மனிதருக்கு இருக்கும் அடுத்த வழி ரிப்போர்ட் பொத்தான்தானே.

நம் சேலைக்கடைக்குத் திரும்பினால், நாளுக்கு 30 பில் போடும் கடையில் ஆறு பேர் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தாலும், மாதம் 150-க்கு மேல் சேரும். இரண்டு மாதத்தில் ஒரு பட்டியல் நிறைந்துவிடும். 2,400 நம்பரோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் இந்த 300 பேரும் கடையை அறிந்தவர்கள், படம் பார்த்து விலை கேட்பவர்கள்.

கேட்காமல் குரூப்பில் சேர்ப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். தெரியாதவர்களை அள்ளிச் சேர்த்தால் அவர்களும் ரிப்போர்ட் செய்துவிட்டு வெளியேறுவார்கள். குரூப்புக்கு அழைப்பு லிங்க் அனுப்பி, விரும்புபவர் தானாக வரட்டும் என்று விடுவது சரியான வழி. பதில் உரையாடலே தேவையில்லை, அறிவிப்பு மட்டும் போதும் என்றால் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதி பொருத்தம். பின்தொடர்பவரின் நம்பர் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. யார் போனிலும் அழையா விருந்தாளியாக நுழைய வேண்டியதும் இல்லை.

ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டும் என்றால்?

பள்ளி, மருத்துவமனை, பெரிய கடை போன்றவற்றுக்கு 256 பேர் போதாது. அவர்களுக்கென இருப்பது வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம். இதில் சேமிக்காத நம்பருக்கும் அனுப்பலாம். இலவசம் அல்ல, மெசேஜுக்கு இவ்வளவு என்று கட்டணம். வாசகத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்குபவரின் சம்மதம் இங்கேயும் கட்டாயம். தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் 250 பேருக்குத்தான் நீங்களாக மெசேஜ் தொடங்க முடியும். தரம் நன்றாக இருந்தால் வரம்பு கூடும். பிளாக்கும் ரிப்போர்ட்டும் அதிகமானால் தர அடையாளம் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு என்று இறங்கும். இந்த எச்சரிக்கை, சாதாரண வாட்ஸ்அப்பில் கிடைக்காத ஒன்று. அங்கே நேராகவே கதவு மூடப்படலாம்.

நிறுவனம் மாற்ற வேண்டியது

இதில் குறை வியாபாரி பக்கம் மட்டும் இல்லை. ஆர்டர், பணம் வந்த ரசீது, முகவரி என்று ஒரு சிறு தொழிலின் மொத்த நினைவும் ஒரே நம்பரில் இருக்கும் நாட்டில், முன்னெச்சரிக்கை இல்லாமல் ஒரே இரவில் அதை மூடுவது கடுமையானது. பணம் கட்டுபவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்ட முடிகிற நிறுவனத்தால், இலவசச் செயலியைப் பயன்படுத்துபவருக்கும் “உங்கள் மீது புகார் கூடுகிறது” என்று ஒரு வரி காட்ட முடியும். எந்த நடத்தைக்காக முடக்கினோம் என்பதையாவது சொன்னால், திருந்த நினைப்பவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியும்.

ஆனால் அந்த மாற்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. பில் போடுவதற்காகக் கொடுத்த நம்பர், விளம்பரத்துக்காகக் கொடுத்த நம்பர் அல்ல. “ஆஃபர் வந்தா வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமாக்கா?” என்று கல்லாவில் கேட்க ஐந்து நொடிதான் ஆகும். அந்தக் கேள்விக்கு “சரி” என்று பதில் வந்த நம்பர்களை மட்டும் தனிப் பட்டியலில் எழுதி வைக்க, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுவிடலாம்.